பின்மண்டை

பிரேயருக்கு முதல் மணி அடித்தபோது உலகம்மை பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த நோட்டுப் புத்தகக் கடையில் நின்றுகொண்டு, வாங்கவே போகாத ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்றைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அம்மா எட்டே முக்காலுக்கே ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ‘உள்ள போயிருவேல்லா?’ என்று மூன்று தடவை கேட்டுவிட்டுப் போயிருந்தாள். போகிறேன் என்று சொன்னது பொய்யில்லை. எப்போது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பிரேயரில் உயர வரிசைப்படி நிற்க வேண்டும், எட்டாம் வகுப்பு பி பிரிவில் உலகம்மைக்குப் பின்னால் நிற்கிறவள் மெர்லின், முழுசாகப் பதினைந்து நிமிஷம், கடவுள் வாழ்த்து, குறள், செய்தி, ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரின் அறிவுரை எல்லாம் முடிகிறவரை மெர்லினின் இரண்டு கண்ணுக்கும் உலகம்மையின் பின்மண்டையைத் தவிர வேறு வேலை கிடையாது. ஆகவே லேட்டாகப் போவது என்று நேற்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. இரண்டாம் மணியும் அடித்து, வாட்ச்மேன் செல்லையா அண்ணாச்சி கேட்டைச் சாத்திய பிறகுதான் அவள் சாலையைத் தாண்டினாள். “ஒன்றரை மாசம் கழிச்சு வாறவ, இன்னைக்காவது நேரத்தோட வரக்கூடாதா?” என்றார் அண்ணாச்சி. திட்டுகிற மாதிரி சொன்னாலும் கண் அவள் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ப்பின் மேல்தான் இருந்தது. “அங்கன சைக்கிள் ஸ்டாண்டுல நில்லு. பிரேயர் முடிஞ்சாத்தான் விடுவேன்.” சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே போய் நின்ற பிறகுதான் கணக்கில் இருந்த ஓட்டை அவளுக்குத் தெரிந்தது. பிரேயரில் ஒருத்தி பார்ப்பாள் என்று பயந்து லேட்டாக வந்தாயிற்று. லேட்டாக வந்தால் எல்லாரும் உட்கார்ந்த பிறகு உள்ளே போக வேண்டும். ஒரு ஜோடிக் கண்ணுக்குத் தப்பி நாற்பது ஜோடியை விலைக்கு வாங்கியிருக்கிறாள். இதற்கு ஒரு ராத்திரி முழுக்க யோசனை வேறு.

ஸ்கார்ப்புக்குள் வேர்த்தது. யூனிபார்ம் தைத்த மிச்சத் துணியில் அம்மா தைத்தது. டெரிகாட்டன், காற்றே போகாது. சிஸ்டர் போனில் ‘ஸ்கார்ப் கட்டிக்கலாம், ஆனா யூனிபார்ம் கலர்ல இருக்கணும்’ என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. பிள்ளை தலையில் முடி இல்லையே என்பது பின்னுக்குப் போய், கலர் ஒத்துவர வேண்டுமே என்பது முன்னுக்கு வந்துவிட்டது. அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்ததோ என்னவோ. வேர்வை ஒரு சொட்டு, முடி இருக்கிற இடத்தில் இறங்கும்போது தயங்கித் தயங்கி இறங்குகிறது, வழுக்கையில் வந்ததும் கண்ணாடியில் மழைத்தண்ணி மாதிரி சர்ரென்று ஓடிவிடுகிறது. சொட்டு எங்கே வேகம் எடுக்கிறது என்று கவனித்தாலே வட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லிவிடலாம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுகிறாள் என்று நினைப்பார்கள். முதல் வட்டத்தைக் கண்டுபிடித்தது அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கும்போது. நடுவகிடு எடுத்த சீப்பு அப்படியே நின்றது. “ஏட்டி, இதென்ன?” எட்டணா அளவுக்கு ஒரு வட்டம், வகிட்டின் மேலேயே. அரிப்பு இல்லை, செதில் இல்லை, புண் இல்லை. தொட்டால் குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று. “புழுவெட்டு” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை, பார்த்த மாத்திரத்தில், காய்கறிக்காரனிடம் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிற அதே குரலில். புழு என்ற வார்த்தை உலகம்மைக்கு முதலில் பயத்தைத் தரவில்லை. எப்படி இருக்கும் அது? ராத்திரி சாப்பிடுமா, பகலில் சாப்பிடுமா? வட்டமாகச் சாப்பிட அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? மறுநாள் மத்தியானம் அப்பாவின் பூதக்கண்ணாடியையும் இரண்டு முகம்பார்க்கும் கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் தேடினாள். புழு இல்லை. நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. அத்தைக்கு மட்டும் இரண்டும் இல்லை. சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தால் புழு செத்துப்போகும் என்று தினமும் வந்து சொல்லிக்கொண்டிருந்தாள், இல்லாத புழுவுக்கு.

பள்ளிக்கூடத்தில் தெரிந்தது பி.டி. பீரியடில். இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும், நடுவகிடு நேராக இருக்க வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து சட்டம். கோண வகிடு எடுத்து மறைத்துக்கொண்டு போனாலும் கிளாஸ் டீச்சர் ரோஸ்லின் மிஸ் சீப்பை வாங்கி நேராக்கிவிடுவார்கள். அதனால் அம்மா கண் மை தடவி அனுப்பினாள். கோ-கோ விளையாடி வேர்த்ததும் மை ஒழுகி நெற்றியில் இறங்கியது. மெர்லின்தான் முதலில் பார்த்தாள். மெர்லின், மூன்று வருஷமாக ஒரே பெஞ்சு, ஒரே டிபனில் பாதி, ஒரே ஹேர்கிளிப்பை இவள் ஒரு நாள் அவள் ஒரு நாள். “ஐயோ, புழுவெட்டுட்டி! ஒட்டிக்கும்!” என்று கத்தியவள் அடுத்த பீரியடில் பெஞ்சின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் உன் புழு, இந்தப் பக்கம் நான். கோடு வளைந்து போயிருந்தது, உலகம்மைக்கு அதுதான் ஞாபகம் இருக்கிறது. அவமானத்தில் எதையாவது பார்க்க வேண்டுமே என்று, இவ்வளவு கோணலாகவா கோடு போடுவாள், ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கலாமே என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் ரோஸ்லின் மிஸ் தனியாகக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, தள்ளி நின்று, ‘ஒட்டாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துரும்மா’ என்றார்கள். சர்டிபிகேட் நாலாம் நாளே கையில் வந்துவிட்டது. மீதி ஐந்து வாரம் அவளாக எடுத்துக்கொண்டது. வயிற்றுவலி, தலைவலி, காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது. காய்ச்சல் வருகிற மாதிரி எத்தனை வாரம் இருக்க முடியும் என்று அப்பா கேட்டார். இன்றைக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் பரீட்சை போகும், வருஷம் போகும், ஆனால் அதையெல்லாம்விட, நாளைக்கு இன்னும் கஷ்டமாகிவிடும். ஒவ்வொரு நாளும் கேட் ஒரு அங்குலம் உயருகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து வாரம் அளந்து பார்த்திருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் போனது மட்டும் பிடித்திருந்தது. இதை எப்படி வெளியே சொல்வது? வண்ணார்பேட்டை தோல் டாக்டர், சின்ன வயசு, வேகமாகப் பேசுகிறவர். முதலில் வட்டத்தைப் பார்க்காமல் கையை வாங்கி நகத்தைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள். அவள் நகம் கடிக்கிறதால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் இதுவும் ஒரே விஷயம்தான் என்றார். தலையில் மூன்று இடம் இருந்தது, வகிட்டில் ஒன்று, பின்னால் இரண்டு. வட்டத்தின் ஓரத்தில் ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தார், பதினொன்று வந்தது. ரெண்டு மூணு வந்தா சாதாரணம், இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு என்றார். பிறகு விளக்கு வைத்த ஒரு கண்ணாடியைத் தலையில் அழுத்தி, போனில் படம் எடுத்துக் காட்டினார். உலகம்மை தன் தலையை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். மஞ்சள் புள்ளிகள், கறுப்புப் புள்ளிகள், ஓரத்தில் குட்டை முடிகள், நுனி தடிப்பாக, தோலுக்குப் பக்கம் வரவர மெலிந்து, ஆச்சரியக்குறி மாதிரி. “புழு எங்க?” என்று கேட்டுவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. புழுவும் இல்லை, கிருமியும் இல்லை, உடம்பைக் காக்கிற அணுக்கள் முடி வேரை வேற்று ஆள் என்று நினைத்துத் தாக்குகின்றன, வேர் சாகவில்லை, வேலையை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் என்றார். உலகம்மைக்கு உடனே செல்லையா அண்ணாச்சி ஞாபகம் வந்தது. புதிதாகச் சேர்ந்த கணக்கு மிஸ்ஸை யாரோ பிள்ளையைக் கூப்பிட வந்தவர் என்று நினைத்து முதல் பீரியட் முடிகிறவரை கேட்டிலேயே நிறுத்தி வைத்த மனுஷன். மிஸ்ஸும் பாவம், அண்ணாச்சியும் கெட்டவர் இல்லை. அப்படியானால் தலைக்குள்ளே கணக்கு மிஸ் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது? பள்ளிக்கூடம் கேட்கிறதே என்று டாக்டரம்மா தோலைக் கொஞ்சம் சுரண்டிப் படர்தாமரைக்கும் சோதித்தார், இல்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார், சரியாக இருந்தது. அம்மா திருச்செந்தூரில் மொட்டை போடவா என்று கேட்டதற்கு, ‘சாமிக்குன்னா போடுங்க, முடி வளரன்னா வேண்டாம், ரெண்டுக்கும் சம்பந்தமில்லை’ என்றார். வெங்காயம்? ‘குழம்புக்குப் போடுங்க.’

ஊசிதான். மரப்பு மருந்து தடவி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, பிறகு சர்க்கரை நோய்க்காரர்கள் போடுகிற மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றாகக் குத்து. ஒவ்வொரு குத்துக்கும் கடுகு மாதிரி ஒரு கொப்புளம் எழும்பி அடங்கும். முதல் தடவை பதினெட்டு. எண்ணினால் வலி குறைகிறது, குறையவில்லை, ஆனால் எங்கே முடியும் என்று தெரிகிறது. நாலு வாரம் கழித்து இன்னொரு தடவை, பதினாறு. இடையில் ராத்திரிக்கு ஒரு திரவம் தடவ வேண்டும். வளருமா என்று அம்மா கேட்டதற்கு, ‘நிறையப் பேருக்கு வளரும். திரும்பவும் கொட்டலாம், புது இடத்துல வரலாம். இல்லைன்னு என்னால எழுதித்தர முடியாது’ என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கு அந்த டாக்டரைப் பிடிக்காமல் போனது அந்த நிமிஷம். உலகம்மைக்குப் பிடித்துப்போனதும் அதே நிமிஷம். ஏனென்றால் வீட்டில் யாரும் எதையும் உள்ளபடி சொல்வதில்லை. அம்மா தினமும் காலையில் பின்னால் நின்று பார்த்து, ‘நல்லா வருது, நல்லா வருது’ என்கிறாள். நல்லா என்றால் எப்படி? எத்தனை? எந்தக் கலர்? முன்வட்டத்தை உலகம்மையே பார்த்துக்கொள்கிறாள், மூன்று நாளாக அதில் ஏதோ மினுங்குகிறது. பின்னால் இரண்டையும் இரண்டு கண்ணாடி வைத்தாலும் சரியாகப் பிடிக்க முடியவில்லை, வலதென்று கையை நகர்த்தினால் இடது ஓடுகிறது. போனைக் கேட்டால் அம்மா தருவதில்லை. ஏன் தருவதில்லை? அங்கேதான் நினைப்பு முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிடுகிறது. நல்லா வருகிறது என்றால் படம் எடுத்துக் காட்டலாமே. தன் தலை, தன்னைத் தவிர ஊரே பார்க்கிறது.

“ஏட்டி.”

செய்தி வாசிப்பு மைக்கில் நடந்துகொண்டிருந்தது. சைக்கிள் ஸ்டாண்டின் மறுகோடியில் மெர்லின் நின்றாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, லேட்டாக வந்தவளின் முழிப்போடு. உலகம்மைக்கு முதலில் வந்தது ஓடிவிடலாம் என்பதுதான், ஆனால் கேட் சாத்தியிருந்தது, அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டுக் குறுக்கே உட்கார்ந்திருந்தார். இரண்டாவதாக வந்தது ஒரு வாசனை. சின்ன வெங்காயம். காலை ஒன்பது மணிக்கு, யூனிபார்ம் போட்ட பெண்ணிடமிருந்து, சாம்பார் தாளிக்கிற மாதிரி.

“நீ வருவேன்னு நெனைக்கல,” என்றாள் மெர்லின்.

“நானும்தான். நீ ஏன் லேட்டு?”

“எங்கம்மா தலையில தேய்ச்சுட்டு ஊற வச்சாதான் விடுவேன்னு...” சொல்லி நிறுத்திக்கொண்டாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்தாள், மைதானத்தைப் பார்த்தாள், கிட்டே வந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், நன்றாக இந்தப் பக்கம். “உலகு, எனக்கும் வந்துட்டுட்டி.”

“எது?”

“உன்னது. உச்சியில. அந்தக் கிளிப்பாலதான். எங்கக்கா போட்டோ எடுத்துக் காட்டினா, வட்டமா வெள்ளையாத் தெரியுது. நாலு வாரமாத் தேய்க்கோம், எரியுது, போகவே மாட்டேங்குது. கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்லல. சொன்னா எனக்கும் கோடு போட்ருவாளுவ.” அழுதாள். மூக்கைப் பாவாடையில் துடைத்தாள். “நீ பாத்துச் சொல்லு. உனக்குத்தான் தெரியும்.”

உனக்குத்தான் தெரியும். இந்த வார்த்தை உலகம்மைக்குள் எங்கெங்கோ போய்த் தட்டியது. ஒட்டாது என்று சர்டிபிகேட் சொல்கிறது, அப்படியானால் இவளுக்கு எப்படி வந்திருக்கும், தனியாக வந்ததா, நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருமென்று டாக்டரம்மா சொன்னாரே, ஒரே பெஞ்சில் இரண்டா? கோபம் வர வேண்டிய இடத்தில் விரல் அரித்தது, பார்க்க வேண்டும் என்று. “குனி” என்றாள். மெர்லின் சைக்கிள் கேரியரில் கையை ஊன்றிக் குனிந்தாள். உலகம்மை இரட்டைப் பின்னலைத் தளர்த்தி, உச்சியில் முடியை விலக்கினாள். தோல் சிவந்து வெந்துபோய் இருந்தது, ஓரத்தில் பொருக்கு. வழவழப்பு இல்லை. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. ஐம்பது அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தாள். “ஆ!” “சும்மா இரு.” இரண்டு வந்தது. அப்புறம் அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முடியெல்லாம் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, தண்ணீர் ஓட்டையில் இறங்குகிற மாதிரி சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு. நடுவில் தோல் தெரிந்தது, எல்லார் உச்சியிலும் தெரிகிற மாதிரி. நாலு வாரமாக ஒரு குடும்பமே சேர்ந்து, பிறவியில் வந்த சுழிக்கு வெங்காயம் தேய்த்திருக்கிறது.

“என்னட்டி, இருக்கா?”

இருக்கிறது என்று சொல்லலாம். ஒரு வார்த்தை. இன்னும் நாலு வாரம் இவள் வெங்காய நாற்றத்தோடு உட்காரட்டும், கண்ணாடியை வைத்துக்கொண்டு அழட்டும், முடிந்தால் ஸ்கார்ப் கட்டட்டும், டெரிகாட்டனில். அந்த ஒரு வார்த்தை நாக்கில் புளியங்கொட்டை மாதிரி உருண்டது. மைக்கில் சிஸ்டர் நேரம் தவறாமையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் பொய் சொன்னால் இரட்டைச் சுழியைப் பற்றி வாயைத் திறக்க முடியாது. இவ்வளவு அழகாக, ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் சுற்றுகிற ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லாமல் எப்படி இருப்பது?

“ஒண்ணும் இல்ல. அது சுழி. உனக்கு ரெட்டைச் சுழி.”

“சுழியா?” மெர்லின் நிமிர்ந்தாள். “நல்லாப் பாத்தியா?”

“இழுத்துப் பாத்தேன்லா? ரெண்டுதான் வந்துச்சு. எனக்குப் பதினொண்ணு. வெங்காயத்தை விடு, தோலு வெந்து கெடக்கு. ஆறலைன்னா டாக்டர்ட்ட காட்டு.”

மெர்லின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் ஒரு நிமிஷம் மலர்ந்து, மறுபடி இருண்டது. “ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணம்னு சொல்லுவாங்களேட்டி!”

“ரெண்டு தடவை பிரியாணி போடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அண்ணாச்சி “ஷ்” என்றார். சிரிப்பு அடங்கியதும் சாக்பீஸ் கோடு நடுவில் வந்து நின்றது. மெர்லின் அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. மன்னிப்பெல்லாம் கேட்டு அழுதால் நேரம் போய்விடும், பிரேயர் முடியப் போகிறது, உலகம்மைக்கு வேறொன்று வேண்டியிருந்தது. அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஸ்கார்ப் கையோடு வந்தது. காற்று பட்டது, முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்று இடத்தில் தனித்தனியாகக் குளிர்ந்தது. திரும்பி நின்றுகொண்டாள். “நீ பாத்துச் சொல்லு. உள்ளபடி சொல்லணும். எங்கம்மா மாதிரி சொன்னா கொன்னுருவேன்.”

மெர்லினின் மூச்சு கழுத்தில் பட்டது. அவள் தொடத் தயங்குகிறாள் என்று தெரிந்தது. பிறகு ஒரு விரல், வெங்காய விரல், பின்மண்டையில் பட்டது. “பெரிய வட்டத்துல முடி இருக்கு. ஆனா வெள்ளையா இருக்குட்டி. பூனைக்குட்டி முடி மாதிரி.”

“எத்தனை?”

“எண்ண முடியல. நெறைய.”

“முதல்ல வெள்ளையாத்தான் வரும். அப்புறம் கறுக்கும். சின்னது?”

“அதுல ஒண்ணும் காணோம். ரெண்டு மூணு குட்டை இருக்கு.” விரல் நகர்ந்து நின்றது.

“சொல்லு.”

“இங்க ஒண்ணு இருக்கு. இடது காதுக்குப் பின்னாடி. சின்னதா, பட்டாணி அளவு.”

அங்கே முன்பு எதுவும் இருந்ததில்லை. டாக்டர் எண்ணினபோது மூன்றுதான். ஆக அம்மா போன் தராததற்குக் காரணம் பட்டாணி அளவு. உலகம்மை கையைக் கொண்டுபோய்த் தொட்டாள். ஆமாம், வழவழப்பு. ஒரு பக்கம் வருகிறது, ஒரு பக்கம் போகிறது, ஒரே தலையில், ஒரே வாரத்தில், ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளாமல். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வந்தது, கண் வரைக்கும் வந்து நின்றது. அதற்குப் பின்னால் கேள்விகள் வரிசையாக நின்றன. இது எப்போது வந்தது? ஊசி மூன்றுக்குத்தான் போட்டார்கள், நாலாவதுக்கு அது தெரியாதா? அடுத்த தடவை எத்தனை குத்து? ஐந்து வாரமாக அவள் வீட்டில் ஒளித்துவைத்திருந்த தலையில் அவளுக்கே தெரியாமல் இது நடந்திருக்கிறது. வீட்டில் இருந்ததால் வராமல் இருக்கவில்லை. ஒளித்ததற்கு ஒரு பட்டாணி அளவுகூட பலன் இல்லை. இதை நினைத்ததும் ஒரு விதமான எரிச்சல் வந்தது. ஐந்து வாரம், எவ்வளவு பாடம், எத்தனை கோ-கோ.

ஜன கண மன தொடங்கியது. இரண்டு பேரும் விறைத்து நின்றார்கள். முடிந்ததும் அண்ணாச்சி கையை ஆட்டினார். மெர்லின் ஸ்கார்ப்பை நீட்டினாள். உலகம்மை அதை வாங்கி, மடித்து, பையின் சைடு ஜிப்பில் வைத்தாள். வெயிலுக்கு வேண்டும், சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம். “இப்படியேவா?” என்றாள் மெர்லின். “வேர்க்குது,” என்றாள் உலகம்மை. அது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் கால் கேட்டது, போகவா, போகவா. இருபத்திரண்டு படி, எண்ணினால் எங்கே முடியும் என்று தெரிகிறது. எட்டாம் வகுப்பு பி-க்கு இரண்டு வாசல். பின்வாசல் வழியாக நைசாக நுழைந்து உட்காரலாம். மெர்லின் அப்படித்தான் நுழைந்தாள், வெங்காய வாசனையோடு, பெஞ்சின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். உலகம்மையும் பின்வாசல் வரை போனாள். உள்ளே வரிசை வரிசையாகப் பின்மண்டைகள். நேர்வகிடு, கோணல் வகிடு, பேன் சீப்பு போட்ட அடையாளம், ஒருத்திக்குக் கழுத்தோரம் மச்சம், ஒருத்திக்கு மூன்று பொடுகு. ஒருத்தியாவது தன்னுடையதைப் பார்த்திருப்பாளா? இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், ஆனால் ரோஸ்லின் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள், தலையைத் தூக்காமல், இத்தனை வருஷத்துப் பழக்கத்தில், ஒரே மூச்சில் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தைந்து, பிரசன்ட் மிஸ். முப்பத்தாறு, பிரசன்ட் மிஸ். முப்பத்தேழு, பிரசன்ட் மிஸ். முப்பத்தொன்பது.

உலகம்மைக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐந்து வாரத்தில் அவர்கள் அவள் நம்பரில் நிறுத்தக்கூட மறந்திருந்தார்கள். வகுப்பில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. தலையில் வட்டம் விழுந்தால் எல்லார் கண்ணிலும் படுகிறது, வரிசையில் விழுந்தால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவள் பின்வாசலை விட்டு வராந்தாவில் நடந்து, முன்வாசலில் போய், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“முப்பத்தெட்டு, மிஸ்.”

குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. நாற்பது முகங்கள் திரும்பின. ரோஸ்லின் மிஸ்ஸின் பேனா நின்றது. கண் நேராகத் தலைக்குப் போயிற்று, வகிட்டு வட்டத்தில் போய் உட்கார்ந்தது. முகத்துக்கு இறங்கிவர எவ்வளவு நேரம் ஆகிறது பார்க்கலாம் என்று உலகம்மை மனசுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு சொல்வதற்குள் வந்துவிட்டது.